புதுப்பிப்பு: தேதி சொல்லும் முன்பே டிஸ்கவுண்ட் கேட்டவர்

என் அறையை விசாரித்த ஒருவரைப் பற்றி இங்கே கேட்டிருந்தேன்: "நுவரெலியாவில் அறை எடுப்பதாகவே சொல்லவில்லை, முதல் கேள்வியே எவ்வளவு குறைப்பீங்க. என்ன பதில் போடுவது?"

எல்லோருக்கும் நன்றி. பலித்தது பண்டாரவளை அக்கா சொன்ன வழிதான். தொகை பேசாமல், "பார்க்கலாம் ஐயா, எந்தத் தேதி, எத்தனை இரவு?" என்று மட்டும் கேட்டேன். வார நாட்களில் மூன்று இரவு என்றார். அப்புறம்தான் எழுதினேன்: "மூன்று இரவும் எடுத்து, பாதி அட்வான்ஸ் இன்றே போட்டால் இரவுக்கு 12,000 இல்லாமல் 10,500. ஓர் இரவு மட்டுமென்றால் 12,000தான்."

எதிர்பாராதது, அவர் குறைப்பை விட்டுவிட்டுக் காலைச் சாப்பாடு கேட்டார். ரொட்டியும் கட்டச் சம்பலும் எனக்கு 1,500 ஆகாது, சரி என்றேன். அட்வான்ஸ் வந்துவிட்டது.

உடனே பத்து சதவீதம் குறைக்கச் சொன்ன அண்ணன் வேகத்தில் சரி. அறை கேட்டவர் வேறு வீடுகளிலும் விசாரித்துக்கொண்டிருந்தார். கேன்சல் பணம் பற்றி எழுதிய தம்பி, அது வேறு கதை. அறை கேட்டவர் இப்போது ஏப்ரல் சீசனிலும் இதே விலை கேட்கிறார். அதற்கு இன்னும் பதில் போடவில்லை.