கடைசிப் பக்கத்தில் தடுக்கும் கதை: உதவி தேவை

முதல் வகுப்புப் பிள்ளைகள் தாமே வாசிப்பதற்கு ஒரு கதை எழுதுகிறேன். 12 பக்கம், பக்கத்துக்கு ஒரு படம், ஒரே ஒரு வரி. மூன்று வாரமாக முடிவு மட்டும் அமையவில்லை.

மீனா கோழியைத் தேடுகிறாள். "கூடையில் கோழி இல்லை." "பானையில் கோழி இல்லை." இப்படியே போகிறது. 'கட்டிலுக்கடியில்' நீளமாக இருந்ததால் 'கட்டிலின் கீழே' என்று பிரித்துவிட்டேன். அதுவரை சிக்கல் இல்லை.

முதலில் "வைக்கோலில் கோழி இருக்கிறது" என்று முடித்தேன். தெருப் பிள்ளைகள் ஐந்து பேரிடம் கொடுத்தால், மூன்று பேர் எழுத்தைப் பார்க்காமலே "இல்லை" என்றார்கள். நான்காம் பக்கத்திலேயே வரி மனப்பாடமாகிவிட்டது! மற்ற இருவர் 'இருக்கிறது' என்பதை எழுத்தெழுத்தாகக் கூட்டினார்கள். அவர்கள் வாயில் வருவது 'இருக்கு' அல்லவா.

நடுவில் "கூடையில் பூனை!" என்று ஒரு பக்கத்தை மாற்றினேன். மனப்பாடம் உடைந்தது, ஆனால் கடைசித் திருப்பத்தின் சுவை குறைந்தது. "கோழி அடைகாக்கிறது" என்று முடித்தபோது அந்தச் சொல்லை நானே விளக்க வேண்டியதாயிற்று.

இப்போதைய முடிவு: "வைக்கோலில் கோழி! கோழியின் கீழே முட்டை!" தடங்கலின்றி வாசிக்கிறார்கள். ஆனால் ஒரு சிறுமி புத்தகத்தைத் திருப்பிப் பார்த்து, "அப்புறம்?" என்றாள். முட்டையை யாரும் தேடவில்லையே, அதனால்தான் என்று நினைக்கிறேன்.

"மீனாவுக்கு முட்டை வேண்டும்" என்று முதல் பக்கத்தைத் தொடங்கினால் முடிவு நிறைவாக இருக்குமா, அல்லது முன்பே வெளிப்பட்டுவிடுமா?