மொட்டை மாடியில் சிக்னல் கூடுகிறது, வேகம் குறைகிறது: எண்களைப் பார்த்துச் சொல்லுங்கள்

தேனிப் பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் வீடு. 4ஜி இணைப்புக்கு வெளியே ஆன்டெனா வைக்கலாமா என்று முடிவெடுக்க உங்கள் உதவி தேவை. போனில் கோபுரக் கட்டங்களை நம்பாமல், செயலி ஒன்றில் எண்களைப் பார்த்தேன்.

வீட்டுக்குள் சிக்னல் பலத்தைக் காட்டும் RSRP -112, இரைச்சலுக்கும் குறுக்கீட்டுக்கும் மேலே சிக்னல் எவ்வளவு நிற்கிறது என்று காட்டும் SINR 13. சிக்னல் மெலிவு, ஆனால் சுத்தம். டவர் எவ்வளவு தூரம் என்று கணிக்க உதவும் Timing Advance 55 காட்டுகிறது. ஒரு படிக்கு சுமார் 78 மீட்டர் என்றால் டவர் ஏறக்குறைய 4.3 கிலோமீட்டர் தள்ளி. ஆக இது தூரம்தான், கோளாறு இல்லை என்று நினைக்கிறேன். வேகம் மெதுவானாலும் அறுபடுவதில்லை.

குழப்பம் மாடியில்தான். அங்கே RSRP -86, கட்டங்கள் முழுசு. ஆனால் SINR 1, சிக்னல் தரத்தைக் காட்டும் RSRQ -16. வீடியோ கால் திணறுகிறது. எந்த செல்லோடு போன் இணைந்திருக்கிறது என்று காட்டும் PCI எண் 121-க்கும் 304-க்கும் மாறி மாறித் தாவுகிறது. ஆள் கூட்டத்தால் வரும் நெரிசலோ என்று நள்ளிரவிலும் பார்த்தேன். RSRQ கொஞ்சம் தேறியது, SINR அப்படியே நின்றது. அதனால் இரண்டு டவர்கள் ஏறக்குறைய ஒரே பலத்தில் மோதுவதாகச் சந்தேகம். இரண்டு எண்களையும் 3-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறது, அதாவது இரண்டின் குறிப்பு சிக்னல்களும் ஒன்றன்மேல் ஒன்று விழலாம்.

என் கணிப்பு சரியா? அப்படியானால், சும்மா பெருக்கித் தரும் பூஸ்டர் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். ஒரு டவரை மட்டும் நோக்கும் யாகி ஆன்டெனாவை ரவுட்டரில் மாட்டினால் SINR ஏறுமா? இப்படி மாட்டியவர்கள் முன்னும் பின்னும் பார்த்த எண்களைச் சொல்லுங்கள்.