"முடிஞ்ச ஆய்வுன்னா எல்லாமே பாஸ்ட் டென்ஸ்" – யார் கிளப்பிவிட்டது இதை?

மூணாவது டிராஃப்ட்: பக்கத்துத் திரியில ஒருத்தர் "லிட்டரேச்சர் ரிவியூல எல்லா வினையும் பாஸ்ட்தான், ஆய்வு முடிஞ்சுபோச்சுல்ல"ன்னு தீர்ப்பு சொல்லிட்டுப் போயிட்டார். நம்பி இங்கிலீஷ் தீசிஸ்ல ஒரு சாப்டர் முழுக்க மாத்தினேன். இப்ப அல்சருக்கு பாக்டீரியா காரணமா "இருந்தது"ன்னு நிக்குது. இப்ப இல்லையா? எது சரி?

பழைய ஃபைல்: அந்த ஒருத்தர் நான்தான். ஏபிஏ ஸ்டைல் கையேட்டோட ஏழாம் பதிப்பைத் திறங்க. லிட்டரேச்சர் ரிவியூவுக்கு பாஸ்ட், இல்லன்னா பிரசன்ட் பெர்ஃபெக்ட். தெளிவா இருக்கு. அப்புறம் என்ன பஞ்சாயத்து?

கத்திரிக்கோல்: ஒரு வரியைப் படிச்சுட்டு தீர்ப்பு சொல்றதுதான் பஞ்சாயத்து. அது "கண்டார்கள், சொன்னார்கள்"ங்கிற வினைக்கு. அதுக்கப்புறம் 'தட்' போட்டு ஒரு வாக்கியம் வருதே, அதோட காலத்தை யாரு முடிவு பண்றது? மூணாவது டிராஃப்ட், உங்க அல்சரையே எடுத்துக்கோங்க. மார்ஷல், வாரன்னு ரெண்டு டாக்டருங்க 1984ல லான்செட் மருத்துவ இதழ்ல எழுதினாங்க, எண்டாஸ்கோப்பிக்கு வந்த 100 பேர்ல 58 பேர்கிட்ட வளைஞ்ச பாக்டீரியா இருந்ததுன்னு. இங்க பாஸ்ட் டென்ஸ் 'வேர்' தான் வரணும், ஏன்னா அது அந்த 100 பேரைப் பத்தின சேதி. "இந்த பாக்டீரியா அல்சரை உண்டாக்குது"ங்கிறது எல்லாருக்கும் இன்னிக்கும் பொருந்துற சேதி, அங்க 'காஸஸ்'. இந்த ரெண்டையும் ஒரே டென்ஸ்ல போட்டா படிக்கிறவனுக்கு எது 58 பேரு, எது உலகம்னே தெரியாது.

பழைய ஃபைல்: பாஸ்ட்ல போட்டா யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க. அதான் பாதுகாப்பு.

கத்திரிக்கோல்: பாதுகாப்பு இல்ல, நழுவல். "மன அழுத்தமும் அமிலமும்தான் காரணம்னு அப்ப நம்பினாங்க"ங்கிறது பாஸ்ட்ல வருது, ஏன்னா அதை இப்ப நாம அப்படியே ஏத்துக்கல. பாக்டீரியாவையும் பாஸ்ட்ல போட்டீங்கன்னா அதுவும் அடிபட்டுப்போன கருத்துன்னுதான் படிக்கிறவன் நினைப்பான். 'தட்'டுக்கு அப்புறம் வர்ற வினைதான் உங்க கையெழுத்து. பிரசன்ட் போட்டா நீங்களும் ஒத்துக்கிறீங்கன்னு அர்த்தம்.

புரபோசல் புலி: நல்ல திரி. என் மெத்தட்ஸ் சாப்டர்ல "டேட்டா சேகரிக்கப்படும்"னு ஃபியூச்சர்ல இருக்கு, புரபோசல்ல இருந்து அப்படியே ஒட்டினேன், ஆனா டேட்டா எடுத்து ஒரு வருஷம் ஆச்சு. விட்டுடலாமா?

கத்திரிக்கோல்: மாத்துங்க சாமி, பாஸ்டுக்கு. அது வேற கதை.

வலி மாத்திரை: ஒரு நிமிஷம். அல்சர்னா பாக்டீரியா மட்டும்தானா? ஆஸ்பிரின் மாதிரி மாத்திரைகளாலயும் வருதே. பிரசன்ட்ல அடிச்சு எழுதினா அது எங்க போச்சு? அப்புறம் 1984 கட்டுரையில அந்த பாக்டீரியாவுக்கு ஹெலிகோபாக்டர்ங்கிற பேரே கிடையாது, அந்தப் பேர் 1989ல வந்தது. காரணம்னும் அவங்க அதுல நிரூபிக்கல.

பழைய ஃபைல்: கத்திரிக்கோலுக்கே கத்தரி விழுந்துச்சு 😂

கத்திரிக்கோல்: சிரிச்சு முடிச்சாச்சா? நான் சொல்றதுக்கு இவர் சாட்சி சொல்லியிருக்கார். காரணம்னு 1984 கட்டுரை நிரூபிக்கலன்னா, 'காஸஸ்'னு எழுதிட்டு அந்தக் கட்டுரையை மட்டும் அடைப்புக்குள்ள போடக் கூடாது, பின்னாடி வந்த சிகிச்சை ஆய்வுகளையும் சேர்க்கணும், இல்லன்னா "ஒரு முக்கியக் காரணம்"னு அளவா எழுதணும். டென்ஸை மாத்தினா ஆதாரத்தோட அளவும் கூடவே மாறுது. நம்மாளுங்க ஏன் இதுல தடுக்குறோம்னா, தமிழ்ல "வருதுன்னு சொன்னாங்க"ன்னு உள்ள இருக்கிறதைத் தொடாம விட்டுடுவோம், இங்கிலீஷ்ல வெளி வினை பாஸ்ட் ஆச்சுன்னா உள்ளயும் பாஸ்ட் ஆகணும்னு ஸ்கூல்ல அடிச்சு சொல்லிக் கொடுத்தாங்க. பொது உண்மைக்கு அந்த விதி தளர்வுன்னு சொன்னது யாருக்கும் ஞாபகம் இல்ல.

மூணாவது டிராஃப்ட்: அப்ப "ஷோட் தட் காஸஸ்"? என் கைடு இதைத்தான் போன தடவை சிவப்புல வட்டம் போட்டு 'காஸ்ட்' ஆக்கினார். அதுக்கு முந்தின டிராஃப்ட்ல அவரே 'காஸஸ்'னு எழுதிக் கொடுத்தார்.

பழைய ஃபைல்: பாருங்க, கைடே என் பக்கம்.

கத்திரிக்கோல்: பாதி நாள் உங்க பக்கம், பாதி நாள் என் பக்கம். 58 பேருக்கு ஒண்ணு, உலகத்துக்கு ஒண்ணு. நாலாவது தடவை சொல்றேன்.

இலக்கியத்துறை: எங்க ஆளுங்க ஏபிஏ இல்ல, எம்எல்ஏ ஸ்டைல்ல, நூறு வருஷம் முன்னாடி எழுதினவரையும் "கூறுகிறார்"னுதான் எழுதுவோம். செத்தவரும் எங்களுக்குப் பேசுவார்.

பழைய ஃபைல்: இப்ப இது வேறயா. ஏபிஏன்னு நான் சொன்னதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

கத்திரிக்கோல்: என் முதல் பதிவுலயே சொன்னேன். மேல ஏறிப் படிக்கிறதுக்கும் ஏபிஏ விதி வேணுமா?

பழைய ஃபைல்: "உண்டாக்குது" ன்னு பெருசா சொன்னவர்தான் வலி மாத்திரை வந்ததும் "ஒரு முக்கியக் காரணம்"னு இறங்கினவர். ஸ்கிரீன்ஷாட் இருக்கு.

புரபோசல் புலி: ரிசல்ட்ஸ் சாப்டரும் ஃபியூச்சர்லதான் இருக்கு, இப்பதான் பார்த்தேன்.