கலைச்சொல்: 302-ஐ என்னவென்று அழைப்பது?

ஹட்டன்:
நிலைக் குறியீடு பாடத்தாள் நாளை காலை அச்சுக்குப் போகிறது. 403 'மறுப்பு', 404 'காணாப் பக்கம்', 500 'சேர்வர் கோளாறு' என்று போட்டுவிட்டேன். 302 என்ற ரீடைரக்டில்தான் கை நிற்கிறது. 'திசைமாற்றம்' சரியா?

பதுளை:
'ஆற்றுப்படுத்தல்' இருக்க வேறு எதற்கு, டீச்சர்? ஆறு என்றால் வழி. பரிசில் பெற்ற பாணன் எதிரே வருபவனுக்கு வழி சொல்வான், கூட நடக்கமாட்டான். சேர்வரும் Location வரியில் முகவரியைச் சொல்லிவிட்டு நின்றுவிடும், நடப்பது பிரவுசர். பாணாற்றுப்படைகளுக்குப் போகிறவன் பெயர், முருகாற்றுப்படைக்கு மட்டும் போய்ச்சேரும் தெய்வத்தின் பெயர். அது பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

பண்டாரவளை:
ஐயா, பாடசாலையில் ஆற்றுப்படுத்தல் என்றால் மனம் சோர்ந்த பிள்ளைக்கு ஆலோசனை சொல்வது. பக்கத்துக்கு என்ன கவலை? தவிர, டீச்சர் குழப்பத் தேவையில்லை: 4-இல் தொடங்கினால் பக்கம் இல்லை, 5 என்றால் சேர்வர், தடை என்றால் 403.

நுவரெலியா:
எங்கள் பாடசாலையில் ஒரு தளம் நேற்று 503 காட்டியது. தடுத்துவிட்டார்களா?

கொட்டகலை:
503 என்றால் சேர்வர் இப்போது ஏற்க முடியாது என்கிறது. Retry-After: 120 என்று வரி இருந்தால் இரண்டு நிமிடம் கழித்துக் கேளுங்கள். அது பெரும்பாலும் தடை அல்ல.

பண்டாரவளைத் தம்பி சொன்னது பாதி சரி. 403-இல் பக்கம் இருக்கலாம், உங்களுக்குத் தரமாட்டார்கள். இருப்பதையே மறைக்க 404 சொல்லும் சேர்வரும் உண்டு. தடை எப்போதும் 403 ஆக வருவதில்லை என்பதைத்தான் பாடத்தாளில் காட்ட வேண்டும். வகுப்பறை வலையமைப்பின் வடிகட்டி இப்படிச் செய்யும்:

```
curl -sI http://example.org/paadam
HTTP/1.1 302 Found
Location: http://10.0.0.1/blocked.html
```

இதையே -sIL என்று கேட்டால் கடைசியில் 200 OK வரும். பிள்ளை அதை மட்டும் பார்த்து 'பக்கம் கிடைத்தது' என்று எழுதும். கிடைத்தது தடை அறிவிப்பு. கேட்ட தளத்தின் பெயருக்குப் பதில் Location-இல் உள்ளக முகவரி நிற்பதுதான் அடையாளம். தளம் உண்மையிலேயே இடம் மாறியிருந்தால் அங்கே தளத்தின் புது முகவரி இருக்கும், அநேகமாக 301-உம் வரும். https என்றால் வடிகட்டியால் இப்படி நுழைய முடியாது. சான்றிதழ் எச்சரிக்கை வரும், அல்லது எண்ணே வராமல் இணைப்பு அறும்.

ஹட்டன்:
நன்றி சேர், உதாரணத்தைச் சேர்க்கிறேன். சொல்?

பண்டாரவளை:
மண்சரிவில் பாதை மூடினால் பலகையில் 'மாற்றுப்பாதை' என்று போடுவார்கள். பிள்ளைக்குப் பார்த்த சொல்.

கொட்டகலை:
மாற்றுப்பாதையில் போனாலும் அதே ஊருக்குத்தான் போவோம். 302-இல் ஊரே மாறலாம். 'வழிமாற்று' போதும்.

நுவரெலியா:
எனக்கும் அதுவே.

ஹட்டன்:
மூன்று பேர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு 'வழிமாற்று' போடுகிறேன்.

பண்டாரவளை:
நான் சம்மதிக்கவில்லையே, டீச்சர்.

பதுளை:
'வழிமாற்று' ஏவல் வினையாகவும் நிற்குமே. யார் யாருக்கு ஏவுவது?

கொட்டகலை:
சேர்வர் பிரவுசருக்கு.

பதுளை:
அப்படியானால் தன்வினை அல்லவா வேண்டும்? 'வழிமாறு'.