பெயர் அழிந்துபோன ஹெட்போன்: பேட் வாங்க மாடல் தெரியவேண்டும், உதவுங்கள்

சரவணன்_கரூர்

எல்லாருக்கும் வணக்கம். மாமா மகன் வேலைக்கு வெளிநாடு போகும்போது கொடுத்துவிட்டுப் போன ஹெட்போன் ஒன்று இருக்கிறது. கறுப்பு நிறம், காதை முழுசாக மூடும் வகை, கப் உள்பக்கமாக மடங்கும். வெளியே இருந்த கம்பெனி பெயர் தேய்ந்துவிட்டது, பக்கவாட்டில் செம்பு நிறத்தில் ஏதோ எழுத்து இருந்த தடம் மட்டும் தெரிகிறது. பட்டனை அழுத்தினால் ஆன் ஆகவில்லை, சார்ஜும் ஏறவில்லை, ஆனால் 3.5 எம்எம் வயர் போட்டால் லேப்டாப்பில் நன்றாகப் பாடுகிறது, நான் அப்படித்தான் கேட்கிறேன். காதுப் பஞ்சின் மேல் தோல் உரிந்து கன்னமெல்லாம் கறுப்புத் துகள் ஒட்டுகிறது, அதனால் பேட் மட்டும் மாற்ற வேண்டும். ஆன்லைனில் மாடல் வாரியாக விற்கிறார்கள், எதை வாங்குவது என்று தெரியவில்லை. கொடுத்தவரிடம் கேட்டேன், அவரும் பழசாக வாங்கியதுதானாம், மாடல் ஞாபகம் இல்லை என்கிறார்.

பாட்டுக்காரன்

இடது கப்பில் இரண்டு பட்டன் இருக்கிறதா? இருந்தால் சோனி WH-1000XM3, சந்தேகமே வேண்டாம். மூன்று பட்டன் இருந்தால் அதற்கு முந்தைய MDR-1000X. என் நண்பன் இரண்டையும் வைத்திருந்தான், பட்டனை எண்ணினாலே போதும். XM3 பேட் போடுங்கள்.

ஜெயந்தி

பேட் விஷயத்தில் இவ்வளவு பயப்பட வேண்டாம் தம்பி. நான் போஸ் QC35 வைத்திருக்கிறேன், QC25-க்கு என்று விற்ற பேடை வாங்கிப் போட்டேன், அப்படியே உட்கார்ந்தது. நீள்வட்டமாக இருந்தால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவுதான்.

ரிப்பேர்_மணி

ஜெயந்தி மேடம், போஸில் அந்த வரிசைக்கு மட்டும் அது சரி, QC25, QC35, QC35 II மூன்றுக்கும் ஒரே பேட் போகும். அதையே மற்றவற்றுக்கும் எடுத்துக்கொண்டால் பணம் வீணாகும். சோனியில் பேடுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கிறது, அதன் கொக்கிகள் கப்பில் சரியாக மாட்டவேண்டும், வெளிவடிவம் ஒன்றாக இருந்தாலும் கொக்கி வேறு இடத்தில் இருந்தால் பேட் நிற்காது.

பாட்டுக்காரன் சொன்னது பாதி சரி. மூன்று பட்டன் என்றால் 2016-இல் வந்த MDR-1000X, அது உண்மை. ஆனால் இரண்டு பட்டன் XM2, XM3, XM4 மூன்றிலும் உண்டு. எனவே சரவணன், கீழே கேட்பதை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

முதலில் சார்ஜ் துளை. பழைய மைக்ரோ யுஎஸ்பியா, டைப் சியா? மைக்ரோ என்றால் XM2 அல்லது அதற்கு முந்தையது, டைப் சி 2018-இல் XM3-இல்தான் வந்தது. XM2-இன் கப் வெளிப்பக்கம் தோல் மாதிரி சொரசொரப்பாக இருக்கும், XM3, XM4 இரண்டும் வழவழப்பான மேட்.

அடுத்து, இடது கப்பில் பவர் பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டன். அதில் NC/AMBIENT என்று இருந்தால் XM3, CUSTOM என்று இருந்தால் XM4 பக்கம் சாயலாம். சாயலாம் என்றுதான் சொல்கிறேன், WH-XB900N-இலும் CUSTOM பட்டன் உண்டு, தூரத்தில் பார்த்தால் அதுவும் இதே ஜாடை.

கடைசியாக, இதுதான் முடிவு செய்யும்: இடது கப்பின் உள்ளே, காது படும் இடத்தில் துணிக்கு நடுவே சின்னக் கறுப்பு ஜன்னல் மாதிரி பளபளப்பாக ஏதாவது தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அது ஹெட்போன் காதில் இருக்கிறதா என்று உணரும் சென்சார். XM4-இல் உண்டு, XM3-இலும் XB900N-இலும் கிடையாது.

இன்னொன்று, தலைப்பட்டையை முழுசாக நீட்டி, உட்பக்கத்தில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மாடல் எண் பொடி எழுத்தில் அங்கே இருக்கும், நேராக வெளிச்சம் விழுந்தால் தெரியாது.

சரவணன்_கரூர்

ரொம்ப நன்றி மணி அண்ணா. டைப் சிதான், வலது கப்பின் அடியில் இருக்கிறது. வயர் போடும் துளை இடது கப்பில். வெளியே வழவழப்பு. இடது கப்பில் இரண்டு பட்டன், ஆனால் எழுத்து முழுக்க அழிந்துவிட்டது, ஏதோ நீளமாக இருந்ததா சின்னதாக இருந்ததா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. வலது கப்பில் பட்டனே இல்லை.

உள்ளே பார்த்தேன். இடது பக்கம் துணியில் சின்னக் கறுப்புப் பளபளப்பு இருக்கிறது, வலது பக்கம் இல்லை. தலைப்பட்டையில் ஸ்டிக்கர் மாதிரி எதையோ ஒட்டிக் கிழித்த பசைதான் இருக்கிறது, எண் தெரியவில்லை.

ரிப்பேர்_மணி

அப்படியென்றால் XM4. வலது கப்பில் பட்டன் இல்லாததும் பொருந்துகிறது, அங்கே விரலால் தடவி ஒலியைக் கூட்டிக் குறைப்பார்கள். பசையை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் அழுத்தித் தேய்க்காதீர்கள், எண் மிச்சம் இருந்தால் அதுவும் போய்விடும்.

வேலு_ஒலி

ஒரு சந்தேகம். XM4 மாதிரியே செய்த போலி நிறைய சுற்றுகிறது. பழசாகக் கைமாறி வந்தது, பெயர் அழிந்திருக்கிறது, எண் இருக்கும் இடத்தில் பசை. ஜன்னல் இருப்பதை மட்டும் வைத்து எப்படி உறுதி சொல்கிறீர்கள்? கறுப்பு பிளாஸ்டிக் துண்டு ஒன்றை ஒட்டினாலே ஜன்னல் மாதிரி தெரியுமே.

ரிப்பேர்_மணி

நியாயமான கேள்வி. ஆன் ஆனால் சோதிக்கலாம், பாட்டு ஓடும்போது காதிலிருந்து எடுத்தால் நிற்கவேண்டும், போனில் ப்ளூடூத் பெயர் வரும், சோனியின் ஆப்பிலும் சேரவேண்டும். இப்போது அது செத்துக் கிடப்பதால் உறுதி சொல்ல வழியில்லை. வயரில் பாடுவதையும் ஆதாரமாக எடுக்க முடியாது, எத்தனையோ ஹெட்போன் அப்படிப் பாடும். பேட் கழற்றும்போது ஒரு தடயம் கிடைக்கலாம்: பழைய பேடின் வளையம் புதியதோடு கொக்கிக்குக் கொக்கி ஒத்துப்போனால் நல்ல அறிகுறி, இல்லையென்றால் வேலு சொல்வதுதான் நடந்திருக்கும். எனவே திருப்பி அனுப்ப வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள்.

தென்றல்

இதே மாதிரி என்னிடம் உருளை வடிவ ஸ்பீக்கர் ஒன்று இருக்கிறது, துணி வலை போட்டது, இரண்டு பக்கமும் அதிரும் வட்டம் தெரியும், பெயர் பொறித்த தகடு கழன்றுவிட்டது. வலையின் நெசவை வைத்துச் சொல்ல முடியுமா?

ரிப்பேர்_மணி

நெசவை நம்பாதீர்கள், அதை எல்லாரும் நகல் எடுக்கிறார்கள். பின்னால் மூடியைத் திறந்து துளைகளைச் சொல்லுங்கள். ஜேபிஎல் சார்ஜ் வரிசை என்றால் 3-இல் மைக்ரோ யுஎஸ்பி, 4-இல் டைப் சியும் ஆக்ஸ் துளையும், 5-இல் ஆக்ஸ் கிடையாது. மூன்றிலும் போனுக்குச் சார்ஜ் கொடுக்கப் பெரிய யுஎஸ்பி துளை உண்டு. மெமரி கார்டு போடும் இடம் இருந்தால் அது நகல், இந்த வரிசையில் அசலில் அப்படி எதுவும் இல்லை.

தென்றல்

மூடி கெட்டியாக இருக்கிறது, நாளை அப்பா வந்ததும் திறந்து பார்த்துச் சொல்கிறேன்.

சரவணன்_கரூர்

XM4 பேட் ஆர்டர் போட்டுவிட்டேன் அண்ணா. பழையதை எப்படிக் கழற்றுவது? இழுத்தால் கிழிந்து வருகிறது.

ரிப்பேர்_மணி

பஞ்சைப் பிடித்து இழுக்காதீர்கள், வளையம் உள்ளேயே நின்றுவிடும். பழைய ஏடிஎம் கார்டு மாதிரி தட்டையான பிளாஸ்டிக்கைக் கப்புக்கும் பேடுக்கும் நடுவே செருகி மெதுவாக நெம்புங்கள், ஒரு கொக்கி ‘டக்’ என்று விட்டதும் அடுத்ததுக்கு நகருங்கள். உலோக ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், கப்பின் ஓரம் தழும்பாகும். புதிய பேட் உட்துணியோடு வந்தால், எந்தத் துணியில் சென்சாருக்கு இடைவெளி விட்டிருக்கிறதோ அது இடது கப்புக்கு. மாற்றிப் போட்டால் துணி சென்சாரை மூடிவிடும், பின்னால் பேட்டரி மாற்றி ஆன் செய்யும்போது காதிலிருந்து எடுத்தாலும் பாட்டு நிற்காது, நீங்கள் சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள்.