மீட்டிங் ரூம் கேள்வி: 10 மணிக்கு முடியுறதும் 10 மணிக்கு ஆரம்பிக்கிறதும், உங்க அனுபவம் என்ன?

கோவை_கோடர்

சமீபத்துல ஒரு இன்டர்வியூ, கம்பெனி பேரு வேணாம். எல்லாரும் பார்த்த அதே மீட்டிங் ரூம் கேள்விதான், குறைஞ்சது எத்தனை ரூம் வேணும்னு. அஞ்சு மீட்டிங் குடுத்தார்: 9:00–10:00, 9:30–11:00, 10:00–10:30, 10:00–11:30, 10:30–12:00. நான் அடிச்சது:

```python
def rooms(meets):
    s = sorted(a for a, b in meets)
    e = sorted(b for a, b in meets)
    j = need = 0
    for x in s:
        if x < e[j]:
            need += 1
        else:
            j += 1
    return need
```

3 வந்துச்சு. மனுஷன் வாயே திறக்கல. அவரோட கர்சர் மட்டும் நேரா `x < e[j]` கிட்ட போய் நின்னு சிமிட்டிட்டே இருந்துச்சு, அப்புறம் `<` பக்கத்துல ஒரு `=` போட்டு ரன் பண்ணார், 4 வந்துச்சு, திரும்ப `=`ஐ அழிச்சுட்டு "இதுல எது சரி?"ன்னார். "பத்துக்கு ஒருத்தர் முடிச்சா பத்துக்கே அடுத்தவர் உள்ள போகலாம் சார், அதனால 3"ன்னேன். "அப்படின்னு யார் சொன்னா?"ன்னு கேட்டுட்டு பதிலுக்குக் கூட நிக்காம அடுத்த கேள்விக்குப் போயிட்டார். அந்த "யார் சொன்னா" இன்னும் மண்டையைக் குடையுது. உங்களுக்கு யாருக்காவது இந்த டைல மாட்டிக்கிட்ட அனுபவம் இருக்கா?

சார்ட்_சாமி

இதுல டவுட்டே வேணாம் ப்ரோ, டை வந்தா எப்பவும் எண்ட்தான் முதல்ல, அதான் ரூல். லீட்கோட் 253 அப்படித்தான் எதிர்பார்க்குது. நான் ரெண்டு லிஸ்டெல்லாம் வெச்சுக்க மாட்டேன், ஒரே லிஸ்ட்ல ஆரம்பத்துக்கு `(t, 1)` முடிவுக்கு `(t, -1)` போட்டு சார்ட் பண்ணிட்டா மைனஸ் ஒண்ணு தானா முன்னாடி வந்து நிக்கும், அப்படியே கூட்டிட்டே போய் உச்சத்தைப் பிடிச்சா வேலை முடிஞ்சது. என்கிட்டயும் ஒருத்தர் இதே மாதிரி முறைச்சுப் பார்த்தார், நான் அசரல.

பிளாட்ஃபார்ம்_நம்பர்_4

எப்பவும் எண்ட் முதல்லன்னு எப்படி சார் இவ்ளோ உறுதியா சொல்றீங்க? கீக்ஸ்ஃபார்கீக்ஸ்ல மினிமம் பிளாட்ஃபார்ம்ஸ்னு இதோட ரெட்டைப்பிறவி ஒண்ணு இருக்கே, அதுல ஒரு வண்டி கிளம்புற அதே நிமிஷத்துல இன்னொண்ணு வந்தா ஒரே பிளாட்ஃபார்ம் ஆகாதுன்னு கேள்வியிலயே போட்டிருக்கும். அங்க உங்க மைனஸ் ஒண்ணு டிரிக்கைப் போட்டா ஒண்ணு குறைச்சுதான் வரும். நான் ரெண்டு கேள்வியையும் ஒரே ராத்திரி அடுத்தடுத்து போட்டேன், முதல்ல பாஸான கோடை அப்படியே தூக்கிட்டுப் போய் ரெண்டாவதுல ஒட்டினா சாம்பிள் டெஸ்ட் பச்சை, சப்மிட் சிவப்பு. சாம்பிள்ல வர்ற நேரமும் போற நேரமும் எங்கயுமே ஒட்டிக்காது, அதனால ரெண்டு விதமான கோடுக்கும் 3தான் வரும். டை இல்லாத டெஸ்ட்டை எத்தனை ஓட்டினாலும் இந்த பக் கண்ணுல சிக்காது.

கோவை தம்பி, உங்க உதாரணத்தையே பாருங்க. பத்து மணிக்கு ஒருத்தர் முடிக்கிறார், ரெண்டு பேர் ஆரம்பிக்கிறாங்க, 9:30 ஆள் நடுவுல உக்காந்திருக்கார். விடுற ரூம்ல ஒருத்தர் நுழைஞ்சா இன்னொருத்தருக்கு மட்டும் புது ரூம், மொத்தம் 3. முடிக்கிறவர் அந்த நொடி இன்னும் உள்ளதான் இருக்கார்னு எடுத்துக்கிட்டா நாலு பேருக்கு நாலு ரூம். ரெண்டுமே சரியான கணக்குதான், எந்தக் கதைக்கு கணக்கு போடுறோம்ங்கிறதுதான் வேற.

மதுரை_மேனேஜர்

ஏன் இவ்ளோ சுத்தி வளைக்கிறீங்க? எண்ட் டைம் வெச்சு சார்ட் பண்ணு, சீக்கிரம் முடியுறதை எடு, அதோட இடிக்காத அடுத்ததை எடு. ஒரு ரூம் ரொம்பிடுச்சுன்னா மிச்சத்தை வெச்சு அடுத்த ரூமை ரொப்பு. எங்க ஆபீஸ் ட்ரெயினிங் ஹாலுக்கு நான் எக்ஸல்லயே இப்படித்தான் போடுறேன், எவனும் குறை சொன்னதில்ல.

பழைய_பைதான்

மதுரை சார், நீங்க சொல்றது ஒரே ரூம்ல எவ்ளோ மீட்டிங் அடைக்கலாம்ங்கிற கேள்விக்குப் பதில். இங்க கேக்குறது வேற. 9:00–11:00, 9:30–11:30, 12:00–12:30, 11:00–1:00 இந்த நாலை எடுத்துக்கோங்க. உங்க முறைப்படி முதல் ரூம்ல 9:00–11:00 போகும், அடுத்து சீக்கிரம் முடியுறதுன்னு 12:00–12:30 போகும். மிச்சம் இருக்கிற 9:30–11:30ம் 11:00–1:00ம் ஒண்ணோட ஒண்ணு இடிக்குது, ஆக மூணு ரூம். ஆனா 9:00–11:00க்கு அடுத்து அதே ரூம்ல 11:00–1:00ஐ விட்டு, மத்த ரெண்டையும் இன்னொரு ரூம்ல போட்டா ரெண்டே ரூம்ல முடிஞ்சது.

இப்ப என் கதை. ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆபரேஷன் தியேட்டர் ரிப்போர்ட் பண்ணினோம், எந்த ஆஸ்பத்திரின்னு வேணாம். ஈவென்ட் லிஸ்ட்ல `(t, "start")`, `(t, "end")`னு யாரோ எப்பவோ எழுதி வெச்சிருந்தாங்க, நல்லாவே ஓடிட்டு இருந்துச்சு. ஒரு பையன் கோடு அழகா இருக்கட்டுமேன்னு "start"ஐ "begin"னு மாத்தினான், ரிவ்யூல எல்லாரும் தம்ஸ் அப். மறுநாள் ரிப்போர்ட்ல தியேட்டர் எண்ணிக்கை அவங்ககிட்ட இருக்கிறதை விட ஒண்ணு அதிகம். எல்லா லாஜிக்கையும் குடைஞ்சுட்டு கடைசியா உச்சம் எந்தெந்த நேரத்துல வருதுன்னு தனியா பிரிண்ட் பண்ணிப் பார்த்தா, எல்லாமே ஒரு கேஸ் முடிஞ்சு இன்னொண்ணு ஆரம்பிக்கிற அதே நிமிஷம், அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடியும் இல்ல பின்னாடியும் இல்ல. அப்பதான் பல்பு எரிஞ்சுது. அகர வரிசையில "end" முன்னாடி வரும், "start" பின்னாடி. "begin"ஓ "end"க்கு முன்னாடி போயிடும். இத்தனை நாள் டையை சரி பண்ணிட்டு இருந்தது இங்கிலீஷ் அகராதி!

அதுக்கப்புறம் நான் சார்ட் வரிசையை நம்புறதே இல்ல. நேரத்துக்கு ஒரு டிக்‌ஷனரி, ஆரம்பத்துக்கு ஒண்ணு கூட்டு, முடிவுக்கு ஒண்ணு கழி, அந்த நேரத்தோட மொத்தம் முடிவானப்புறம்தான் உச்சம் பார்ப்பேன். ஒரே நேரத்துல எது முன்ன எது பின்னங்கிற பேச்சே அங்க எழாது, விடுற ரூம் உடனே கிடைக்கும்ங்கிற அர்த்தம் தானா வந்துடும். மத்த அர்த்தம் வேணும்னா இது உதவாது, அது வேற விஷயம்.

சார்ட்_சாமி

அக்கா, என் `-1` அகராதியை நம்பல, நம்பரைத்தான் நம்புது 🙂 பிளாட்ஃபார்ம் கேள்வி விதிவிலக்கு, ஒத்துக்கிறேன். ஆனா மீட்டிங் ரூம்னா எண்ட் முதல்லதான்.

லாட்ஜ்_வீட்டுப்பையன்

எங்க மாமாவுக்கு ஒரு லாட்ஜும் பக்கத்துலயே ஒரு கல்யாண மண்டபமும் இருக்கு, மண்டபத்துல ஹால் ரெண்டு. புக்கிங்குக்கு நான்தான் சின்னதா ஒண்ணு எழுதிக் குடுத்தேன், ரெண்டுக்கும் ஒரே கோடு, ரெண்டுலயும் தேதி மட்டும்தான். லாட்ஜ்ல 14ல இருந்து 15ன்னா 15 காலையில ரூம் காலி, 15ஆம் தேதியே வேற ஆளுக்குக் குடுக்கலாம். மண்டபத்துல 14ல இருந்து 15ன்னா 15 முகூர்த்தம், சாயங்காலம் வரைக்கும் ஹால் அவங்களோடது. அதே `<`தான் ரெண்டுக்கும் ஓடிட்டு இருந்துச்சு, லாட்ஜ் ஜோரா போச்சு. மண்டபத்துல ஒரு முகூர்த்த நாள்ல மூணு வீட்டுக்காரங்க சீர்வரிசைத் தட்டோட வந்து நிக்கிறாங்க. மாமா என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அதை மட்டும் கேக்காதீங்க. இப்ப மண்டபத்துக்கு `<=` போட்டு வெச்சிருக்கேன். ரெண்டு கோடா பிரிக்கணுமா?

பழைய_பைதான்

பிரிக்காதீங்க தம்பி, `<=`ம் வேணாம். மண்டபத்து தேதி உள்ள வரும்போதே கடைசி நாளோட ஒண்ணு கூட்டிடுங்க, 14ல இருந்து 15ங்கிறது உள்ளுக்குள்ள 14ல இருந்து 16. அப்புறம் ரெண்டுக்கும் ஒரே `<`. காலண்டர் ஃபைல்லயும் இதே வழக்கம்தான், iCalendarல 14ஆம் தேதி முழுநாள் நிகழ்ச்சின்னா `DTEND` 15னு இருக்கும், அந்த 15 கணக்குல சேராது. ஸ்கிரீன்ல காட்டும்போது மட்டும் ஒண்ணு கழிச்சுக் காட்டுங்க, இல்லன்னா மாமா திரும்பவும் பார்ப்பார்.

இன்டர்வியூ_வாத்தியார்

நானும் ஒரு இன்டர்வியூல இதே கேள்வியில போனேன், ஆனா டையில இல்ல, நேரத்தை ஸ்ட்ரிங்கா வெச்சு சார்ட் பண்ணினதுல "9:30" போய் "10:00"க்குப் பின்னாடி உக்காந்துடுச்சு.

கோவை தம்பிக்கு சொல்றேன், கோடு அடிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுடணும். அவர் "யார் சொன்னா"ன்னு கேட்டதோட அர்த்தமே அதுதான், நீங்க அனுமானம் பண்ணிக்கிட்டதை அவர் வாயால சொல்ல வைக்கணும். "முடியுற நிமிஷமே ரூம் கிடைக்குமா, இல்ல நடுவுல இடைவெளி வேணுமா"ன்னு ஒரு கேள்வி போதும். இடைவெளி பத்து நிமிஷம்னா எல்லா எண்ட்லயும் பத்தைக் கூட்டிட்டு அதே கோடை ஓட்டலாம், உங்க உதாரணத்துல 10:00 போய் 10:10 ஆகும், `=` இல்லாமலே 4 வரும். இதை அவர்கிட்ட சொல்லியிருந்தா ரெண்டு பதிலையும் ஒரே கோடுல காட்டியிருக்கலாம். அடுத்து, ஆரம்பமும் முடிவும் ஒண்ணா இருக்கிற மீட்டிங் வருமான்னு கேக்கணும், 10:00–10:00 மாதிரி. சிரிக்காதீங்க, பட்டன் தப்பா அமுங்கினா டேட்டாவுல நிஜமாவே வரும். உங்க கோடுக்கு அந்த ஒண்ணை மட்டும் குடுத்துப் பாருங்க, 0 ரூம்னு சொல்லும். ஹீப் வெச்சு எழுதினவங்க கோடு அதுக்கே 1னு சொல்லும். இன்னொருத்தர் `while e[j] <= x`னு எழுதி `j`ஐ நகர்த்தியிருந்தா லிஸ்ட் முடிவைத் தாண்டிப் போய் `IndexError` அடிக்கும், சாதாரண மீட்டிங்ல கடைசியா ஆரம்பிக்கிறதோட முடிவு எப்பவும் மிச்சம் இருக்கிறதால அது வெளிய தெரியாது. அப்புறம் சட்டையை அயர்ன் பண்ணிப் போடணும், வீடியோ கால்னாலும் சரி.

பிளாட்ஃபார்ம்_நம்பர்_4

அயர்ன் எதுக்கு சார் 😄 ஆனா அந்த 10:00–10:00 விஷயம் சுவாரசியம். 9:00–11:00 கூட அதைச் சேர்த்துக் குடுத்தா கோவை தம்பியோட கோடு 1னு சொல்லுது, ஹீப் 2ன்னு சொல்லுது. இப்பதான் ரெண்டையும் ஓட்டிப் பார்த்தேன். இதுல எதை சரின்னு சொல்றது?

சார்ட்_சாமி

1. நேரமே எடுக்காத மீட்டிங்குக்கு ரூம் எதுக்கு?

பழைய_பைதான்

தியேட்டர் ரிப்போர்ட்ல அப்படி ஒரு கேஸ் வந்தா அது கேஸே நடக்கலன்னு அர்த்தம் இல்ல, யாரோ முடிவு நேரத்தைப் போட மறந்துட்டாங்கன்னு அர்த்தம். நாங்க கணக்குல சேர்க்காம தனி லிஸ்ட்ல தள்ளிடுவோம். 1னும் சொல்ல மாட்டேன், 2ன்னும் சொல்ல மாட்டேன்.

கோவை_கோடர்

எல்லாருக்கும் நன்றி. பத்து நிமிஷம் கூட்டி ஓட்டிப் பார்த்தேன் வாத்தியாரே, 4தான் வருது. ஆனா அவர் எதிர்பார்த்தது 3ஆ 4ஆ, இல்ல நான் திருப்பிக் கேக்கணும்னா, இன்னும் புரியல.

மதுரை_மேனேஜர்

அந்த நாலு மீட்டிங் உதாரணத்தை எக்ஸல்ல போட்டுப் பார்த்தேன், 3தான் வருது. ஆனா எங்க ஆபீஸ்ல 11 மணி மீட்டிங் 11 மணிக்கு ஆரம்பிச்சதே இல்ல.