புதுப்பிப்பு: இயந்திர மானியத்தைக் கணக்கில் எழுதியது

முதலில் கேட்டது: "இயந்திரம் வாங்கி 2 வருஷம் கழிச்சு மானியம் வந்திருக்கு. பேங்க் அதை நேரா கடன் கணக்குல வரவு வெச்சுட்டாங்க. இதை வருமானமா காட்டணுமா?"

இந்த வருட வருமானமாக மொத்தத்தையும் காட்டவில்லை. இயந்திரத்தின் விலை 10,00,000. ஆயுள் 10 வருடம், தேய்மானம் வருடத்துக்கு 1,00,000. அதனால் ஏட்டு மதிப்பு 8,00,000 ஆக இருந்தது. மானியம் 2,50,000. கடன் கணக்கில் பற்று, இயந்திரக் கணக்கில் வரவு. மீதி 5,50,000-ஐ எஞ்சிய 8 வருடத்துக்குப் பிரித்தால் தேய்மானம் 68,750. முடிந்த வருடங்களைத் தொடவில்லை.

மூலதனத்தில் சேர்க்கச் சொன்ன நண்பர் பாதி சரி: இது விற்பனை வருமானம் இல்லைதான். ஆனால் முதலாளி போட்ட பணமும் இல்லை. அங்கே வைத்தால் தேய்மானம் குறையவே குறையாது.

தணிக்கையாளர் அக்கா சொன்ன இன்னொரு வழி: இயந்திரத்தை அப்படியே விட்டு, மானியத்தைப் பொறுப்புப் பக்கம் வைத்து வருடம் 31,250 வருமானத்துக்கு மாற்றுவது. லாபம் இரண்டிலும் ஒன்றே. இயந்திரத்தின் முழு விலையும் ஏட்டில் தெரிவதால் எனக்கு இதுவே பிடித்திருக்கிறது. ஆனால் எங்கள் சொத்துப் பதிவேடு சின்னது, முதல் வழியே போதும்.

சம்பள மானியம் பற்றிக் கேட்டவருக்கு: அது செலவை ஈடுகட்டுவது, சம்பளம் கொடுத்த காலத்திலேயே வருமானம்.

கடன் கணக்கைச் சரிபார்க்கும்போது பேங்க் அறிக்கையில் மீதி நம் ஏட்டைவிட 2,50,000 குறைவாகத் தெரிந்தால், மானியத்துக்கான பதிவு ஏட்டில் விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

வரிக்கணக்கில் எப்படிக் காட்டுவது என்பது இன்னும் முடிவாகவில்லை.